ஊர் மாறினால் கடனும் கூட வருமா?

வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறவர்கள் காஸ் இணைப்பு, பிள்ளையின் டி.சி., வீட்டு அட்வான்ஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கேள்வி மட்டும் மனசின் ஓரத்தில் கிடக்கும். பழைய ஊர்க் கிளையில் வாங்கிய கடனை என்ன செய்வது? சேமிப்புக் கணக்கைப் பல வங்கிகளில் மொபைல் ஆப்பிலேயே வேறு கிளைக்கு மாற்றிக்கொள்ள முடிகிறது. அதே ஆப்பில் கடன் கணக்கைத் தொட்டால் அப்படியொரு வசதியே கண்ணில் படாது. சேமிப்புக் கணக்கில் இருப்பது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய பணம். கடன் கணக்கில் இருப்பது நீங்கள் வங்கிக்குத் தர வேண்டிய பணம். இரண்டாவதை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு நகர்த்த அந்த இரண்டு கிளை மேனேஜர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் பலருக்கும் இருக்கும் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். மாதத் தவணை கட்டுவதற்காகக் கடனை மாற்றத் தேவையே இல்லை. எல்லாக் கிளைகளும் ஒரே கணினி வலையில் இருப்பதால், மன்னார்குடியில் உள்ள கடனுக்கு ஓசூரில் உள்ள சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடிக்கலாம். சம்பளக் கணக்கு வேறு வங்கியில் இருந்தாலும் 'நாச்' என்ற ஒப்புதல் படிவம் போதும். தவணை மட்டும்தான் உங்கள் கவலை என்றால், புது முகவரியையும் மொபைல் எண்ணையும் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அப்படியானால் கிளை எதற்கு? கடன் பத்திரங்கள் இருக்கும் கோப்பு ஒரு கிளையின் பொறுப்பில் இருக்கிறது. தவணை நின்றால் போன் செய்வதும், நோட்டீஸ் அனுப்புவதும், வட்டி விகிதத்தை மாற்றித் தருவதும், கூடுதல் கடனுக்குப் பரிந்துரைப்பதும், கடைசியில் 'பாக்கி இல்லை' என்று கடிதம் தருவதும் அந்தக் கிளைதான். இந்த வேலைகளுக்காக நீங்கள் அடிக்கடி அந்தக் கிளைக்குப் போக வேண்டியிருக்கும் என்றால்தான் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. இதையெல்லாம் பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகளை மனதில் வைத்தே சொல்கிறேன். பல தனியார் வங்கிகளில் கடன் விவகாரம் ஒரு மைய அலுவலகத்தில் நடக்கிறது. அங்கே கிளை பெயருக்குத்தான்.

வீட்டுக் கடனை எடுத்துக்கொள்வோம். என் கருத்து, பெரும்பாலும் அதை மாற்றாமல் விடுவதே நல்லது. நீங்கள் ஊர் மாறுகிறீர்கள், ஆனால் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடன் வாங்கியபோது மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கு எம்.ஓ.டி. என்ற ஆவணம் போட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் அது சொத்து இருக்கும் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, வில்லங்கச் சான்றிலும் ஏறியிருக்கும். கடன் முடிந்ததும் அதே அலுவலகத்தில் வங்கியின் சார்பில் ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் வில்லங்கம் நீங்கும். அதற்கு வங்கி அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வர வேண்டும். வீடு திருவாரூரில், கடன் கோயம்புத்தூர்க் கிளையில் என்றால், எந்த அதிகாரி யாருக்கு அதிகாரம் கொடுத்து யார் வருவது என்று கடிதப் போக்குவரத்து தொடங்கிவிடும்.

அடமானம் கிளைக்குச் செய்து கொடுத்ததல்ல, வங்கிக்குச் செய்து கொடுத்தது. ஆகவே ஒரே வங்கிக்குள் கடன் கிளை மாறினால் புதிதாக எம்.ஓ.டி. போடத் தேவையில்லை. அப்படிப் போடச் சொன்னால், எதிரே இருப்பவர் உங்கள் கோரிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். கடனை இன்னொரு வங்கிக்கு மாற்றுவதும் உண்டு. அதைப் 'பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்' என்பார்கள். அது புதுக் கடன். அதற்குப் புது மதிப்பீடு, புது வக்கீல் கருத்து, பரிசீலனைக் கட்டணம் என்று எல்லாமே உண்டு. கவுன்டரில் 'லோனை டிரான்ஸ்ஃபர் பண்ணணும்' என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் இதைத்தான் நினைப்பார்கள். 'இதே வங்கியில், இன்ன கிளைக்கு' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

பத்திரம் பழைய ஊரில் மாட்டிக்கொள்ளுமே என்ற கவலை வீட்டுக் கடன்காரர்களுக்கு உண்டு. ஸ்டேட் வங்கி போன்ற பெரிய வங்கிகளில் பத்திரங்கள் பெரும்பாலும் கிளையில் இருப்பதில்லை, தனி மையத்தில் இருக்கின்றன. அதோடு 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டு, அது அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடனை முழுதாகக் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரத்தைக் கடன் இருக்கும் கிளையில் வாங்குவதா, அது இருக்கும் வேறு அலுவலகத்தில் வாங்குவதா என்பது கடன்காரரின் விருப்பம். பத்திரத்துக்காக மட்டும் கடனை மாற்ற நினைத்தவர்கள் இதைப் படித்ததும் அந்த எண்ணத்தை விடலாம். வீடு இன்னும் கட்டி முடியாமல், கட்டக் கட்டப் பணம் விடுவிக்கப்படும் நிலையில் இருந்தால் மாற்றலைப் பற்றிப் பேசவே வேண்டாம். செங்கல் எந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்துவர உள்ளூர் அதிகாரி வேண்டும்.

நகைக் கடன் மாறாது. நகை அந்தக் கிளையின் பெட்டகத்தில் இருக்கிறது. மீட்டு வேறிடத்தில் வைப்பதுதான் வழி. தமிழ்நாடு கிராம வங்கியில் கடன் வாங்கிவிட்டு பெங்களூருக்குப் போனால், மாற்றுவதற்கு அங்கே கிளையே கிடையாது.

மாற்றுவதில் உண்மையிலேயே பயன் இருப்பது கல்விக் கடனில். சொத்து எதுவும் அடமானத்தில் இல்லாத சிறு கல்விக் கடன் என்றால், ஊரோடு அதைக் கட்டிப்போட வேறு காரணமும் இல்லை. படித்தவருக்கு வேலை ஓசூரிலோ சென்னையிலோதான். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பதால், மகள் சம்பாதிக்கும் ஊரில் ஒரு தவணை தவறினால் போன் வருவது ஊரில் இருக்கும் அப்பாவுக்கு.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பார்ப்போம். மன்னார்குடிப் பெண் ஒருத்தி பொறியியல் படிக்க 3,80,000 ரூபாய் கடன் வாங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். படிப்பும் அதன் பின் தவணை விடுப்புக் காலமும் முடிந்து, சேர்ந்த வட்டியோடு கடன் 4,30,000 ஆகிறது. வட்டி பத்தரை சதவீதம், ஏழு வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 7,250 ரூபாய் வரும். அவளுக்கு ஓசூரில் வேலை. பெற்றோரும் தம்பியோடு திருப்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மன்னார்குடியில் கடிதம் வாங்கக்கூட ஆளில்லை. மாற்றலுக்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டாம்.

அவள் நேராக ஓசூர்க் கிளைக்குப் போய்க் கேட்கிறாள். மேனேஜர் கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வது இப்படித்தான் இருக்கும்: "ஏம்மா, நல்லாத்தானே கட்டிக்கிட்டு இருக்கே. அங்கேயே இருந்துட்டுப் போகட்டுமே." மன்னார்குடியில் கேட்டாலோ, "அந்தக் கிளை வாங்கிக்கிறேன்னு சொன்னா அனுப்பிடறோம்" என்பார்கள். இரண்டு பக்கமும் மறுக்கவில்லை. ஆனால் எதுவும் நகராது.

இதில் மேனேஜர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறது, அதில் எவ்வளவு வாராக்கடன் என்று இரண்டு எண்கள் தலைமேல் தொங்குகின்றன. ஒழுங்காகக் கட்டும் கடனை அனுப்பினால் பழைய கிளையின் முதல் எண் குறையும். எப்படிப்பட்டதென்று தெரியாத கடனை வாங்கிக்கொண்டால், அது நாளை புதிய கிளையின் இரண்டாவது எண்ணில் போய் உட்காரலாம். தவணை 90 நாளுக்கு மேல் பாக்கியானால் வாராக்கடன். அதற்கு முன்பே 30 நாள், 60 நாள் என்று படிப்படியாகக் கண்காணிப்புப் பட்டியலில் ஏறிவிடும். அதனால் தவணை பாக்கி உள்ள கடனை எந்தக் கிளையும் வாங்கிக்கொள்ளாது என்றே வைத்துக்கொள்ளலாம். கட்டும் கடனை விட மனசு வராது, கட்டாத கடனை வாங்க மனசு வராது. மாற்றல் கேட்பவர் முதலில் பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். கடந்த ஒரு வருட லோன் ஸ்டேட்மென்ட்டைக் கையில் கொண்டு போனால், வாங்குகிற மேனேஜரின் பாதித் தயக்கம் அங்கேயே தீரும்.

வாய்மொழியாகக் கேட்பது இந்த விஷயத்தில் கேட்காததற்குச் சமம். எழுத்தில் கொடுக்க வேண்டும், கடன் இருக்கும் கிளைக்கு, பிரதி வாங்கவேண்டிய கிளைக்கு. பெரிய கடிதம் தேவையில்லை. இவ்வளவு போதும்:

"மேனேஜர் அவர்களுக்கு, உங்கள் கிளையில் என் பெயரிலும் என் தந்தை பெயரிலும் உள்ள இந்த எண் கொண்ட கல்விக் கடன் கணக்கை, வேலை நிமித்தம் நான் ஓசூருக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், நமது வங்கியின் ஓசூர்க் கிளைக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கடனின் வட்டி விகிதம், காலம், மற்ற நிபந்தனைகள் மாறாமல் தொடர வேண்டும். இன்றுவரை தவணை பாக்கி இல்லை. மாற்ற இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்."

கீழே கடன் வாங்கியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வாடிக்கையாளர் எண், கடன் எண், புதிய கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. மூன்றையும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் ஒரே ஊரில் ஒரே வங்கிக்குப் பல கிளைகள் இருக்கும். வேலை ஆணை நகல், புது முகவரிச் சான்று, கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை இணைக்கலாம். ஆதாரில் இன்னும் பழைய முகவரிதான் என்றால், இப்போதைய முகவரி இது என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியைப் பெரும்பாலும் ஏற்கிறார்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு கிளை முத்திரை வாங்காமல் படியிறங்க வேண்டாம். தபாலில் அனுப்பினால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். இன்னொன்று: மார்ச் மாதத்தில் இந்தக் கடிதத்தோடு போகாதீர்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் எந்த மேனேஜரும் கடனை வெளியே அனுப்ப மாட்டார்.

பிறகு உள்ளே என்ன நடக்கிறது? மன்னார்குடிக் கிளை ஓசூருக்குக் கடிதம் எழுதும், ஓசூர் சம்மதம் சொல்லும், கோப்பு போகும், அங்கே பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள், அதன் பிறகே கணினியில் கணக்கு கிளை மாறும். வேலை நின்றுபோவது பெரும்பாலும் அந்தச் சரிபார்ப்பில்தான். கடன் ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கும், அல்லது கடன் ஒப்புகைக் கடிதம் காலாவதியாகியிருக்கும்.

இந்த ஒப்புகைக் கடிதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடன் வசூலுக்கு வழக்குப் போட காலவரையறைச் சட்டம் கெடு வைத்திருக்கிறது, சாதாரணமாக மூன்று வருடம். கெடு முடிவதற்குள் கடன்தாரர் 'இவ்வளவு பாக்கி என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடத் தொடங்கும். அதனால்தான் வங்கிகள் அவ்வப்போது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குகின்றன. கடனை வாங்கிக்கொள்ளும் கிளை, புது ஒப்புகை இல்லாமல் கோப்பைத் தொடாது. நம் உதாரணத்தில் மகள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, கூட்டுக் கடன்தாரரான அப்பாவும் போட வேண்டும். ஓசூரில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும்போது, "அப்பாவை ஒருநாள் வரச் சொல்லும்மா" என்பார்கள். அப்பா திருப்பூரில் உள்ள அதே வங்கியின் கிளைக்குப் போய், அங்கே அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். சில மேனேஜர்கள் ஒத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளில் பாக்கித் தொகை நிரப்பப்பட்டிருக்கிறதா, அது ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தொகை இல்லாத வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பது இன்னும் ஒழியாத பழக்கம்.

கணக்கு கிளை மாறும் அந்த ஒரு வாரம்தான் ஆபத்தானது. சில வங்கிகளில் கடன் எண் மாறாது, கிளைப் பெயர் மட்டும் மாறும். சிலவற்றில் எண்ணே மாறிவிடும். இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எண் மாறினால், பழைய எண்ணைச் சொல்லி நீங்கள் போட்டிருந்த நாச் ஒப்புதலும், சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் உத்தரவும் செல்லாமல் போகலாம். 10-ஆம் தேதி பிடிக்க வேண்டிய 7,250 பிடிக்கப்படாது. சம்பளக் கணக்கில் பணம் இருப்பதால் அவளுக்குச் சந்தேகமும் வராது. அடுத்த மாதம் கடன் வரலாற்று அறிக்கையில் 'தாமதம்' என்று பதிவான பிறகுதான் தெரியும். இதைத் தவிர்க்க, மாற்றல் நடக்கும் மாதத்தில் தவணையைக் கையாலேயே, தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கட்டிவிடலாம். மறு மாதம் தானாகப் பிடித்ததா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள 'மாத்தியாச்சு' என்ற வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். புது ஸ்டேட்மென்ட் ஒன்று எடுத்துப் பாருங்கள். பழைய கிளையில் கடைசியாக இருந்த பாக்கியும் புதிய கிளையில் தொடங்கும் பாக்கியும் பைசா சுத்தமாக ஒத்திருக்க வேண்டும். மாதத்தின் நடுவில் மாறினால் அதுவரை சேர்ந்து, இன்னும் கணக்கில் ஏறாத வட்டி ஒன்று இருக்கும். அது ஒருமுறை ஏறியதா, இரண்டு கிளையிலும் ஏறியதா என்றும் பாருங்கள். வட்டி விகிதமும் மீதித் தவணைகளின் எண்ணிக்கையும் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும்.

கல்விக் கடனுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தவணை விடுப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது. மானியத்துக்கான கோரிக்கையைக் கடன் கொடுத்த வங்கிதான் அனுப்புகிறது. வர வேண்டிய மானியம் இன்னும் வரவில்லை என்றால், அது கணக்கில் ஏறும்வரை மாற்றலைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். கோப்பு ஓசூருக்குப் போன பிறகு, 'அது அவங்க கிளையில கேக்கணும்' என்று இங்கேயும், 'கணக்குதான் இங்கே இல்லையே' என்று அங்கேயும் சொன்னால், நடுவில் நிற்பது நீங்கள்தான்.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கடன் வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டுகள்வரை வருமான வரிக் கழிவு உண்டு. அதற்கு வங்கியின் வட்டிச் சான்றிதழ் வேண்டும். நவம்பரில் கடன் எண் மாறினால், புது எண்ணுக்கான சான்றிதழில் நவம்பருக்குப் பிந்தைய வட்டி மட்டும் வரக்கூடும். ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை கட்டிய வட்டிக்குப் பழைய எண்ணில் தனிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். அதே காரணத்தால் கடன் வரலாற்று அறிக்கையிலும் பழைய கடன் முடிந்ததாகவும் புதுக் கடன் தொடங்கியதாகவும் தெரியலாம். அது தவறல்ல. பழையதும் ஓடிக்கொண்டிருப்பதாக, இரண்டு கடனாகக் காட்டினால்தான் தவறு. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது நாலு லட்சம் எட்டு லட்சமாகத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை இந்த அறிக்கையை இலவசமாகவே வாங்கலாம். மாற்றல் முடிந்து இரண்டு மாதம் கழித்து வாங்கிப் பாருங்கள். தவறு இருந்தால் எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்கப்படவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது.

கடிதம் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால்? முதலில் வங்கியின் மண்டல அலுவலகம். அங்கும் அசைவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், செலவில்லை. ஆனால் அவரால் என்ன முடியும் என்று தெரிந்தே போங்கள். கடிதத்துக்குப் பதிலே தராதது, கோப்பைத் தொலைத்தது, தவணையை இரண்டு முறை பிடித்தது, தவறான வட்டி ஏற்றியது ஆகியவை சேவைக் குறைபாடு. அதில் அவர் தலையிடலாம். 'இந்தக் கடனை எங்கள் கிளை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை' என்று ஓசூர்க் கிளை காரணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டால், அது வங்கியின் வணிக முடிவு. அதை மாற்றச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை.

அப்படி எழுதிக் கொடுத்தால், அதே ஓசூரில் உள்ள இன்னொரு கிளையைக் கேட்கலாம். எல்லா மேனேஜர்களுக்கும் ஒரே கவலை இருப்பதில்லை. புதிதாகத் திறந்து, கடன் எண்ணிக்கை காட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கும் கிளை ஒன்று, பாக்கியில்லாத 4,30,000 ரூபாய்க் கணக்கை வாங்கிக்கொள்ளத் தயங்காது.